ஆட்டினும் இஸ்பேடும்: காதல் கேள்விக்கு ஐந்து சீட்டு விரிக்கும் முறை

என்னிடம் சீட்டு பார்க்க வருகிற பெண்பிள்ளைகள் கட்டைக் கையில் வாங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: "இஸ்பேட் மட்டும் வந்துடக் கூடாது அக்கா." சிவப்பு வந்தால் கல்யாணம், கறுப்பு வந்தால் பிரிவு என்று யாரோ அவர்கள் மனதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சீட்டுக் குறி கற்றுக்கொள்கிறவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் சிவப்பு இதயம் போட்ட ஆட்டினையும் கறுப்பு இஸ்பேடையும் மட்டும் வைத்து, ஒரு காதல் கேள்விக்கு ஐந்து சீட்டு விரித்துப் படிப்பதை இங்கே எழுதுகிறேன். இது பிடிபட்டுவிட்டால் டைமனையும் கிளாவரையும் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி. அதற்கு முன் அவர் துரை பங்களாவில் வேலை செய்தவர். துரைசானி மத்தியானத்தில் தனியாக உட்கார்ந்து சீட்டு விரிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள், நாங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்துத் தாமானுக்கு வந்துவிட்டோம். பாட்டி சொன்ன அர்த்தங்கள் பெரும்பாலும் பழைய ஆங்கிலேய வழக்கத்தோடு ஒத்துப்போகின்றன. அந்த வழக்கத்துக்கும் முன்னால் பிரான்ஸ் இருக்கிறது. பாரிஸில் எட்டெய்லா என்ற பெயரில் எழுதிய ஒருவர் 1770-இல் சாதாரணச் சீட்டில் குறி பார்ப்பதைப் புத்தகமாகவே போட்டார். அவர் எடுத்துக்கொண்டது 32 சீட்டுக் கட்டு, அதாவது ஏழிலிருந்து ஏஸ் வரை. அதில் ஆளைக் காட்டத் தனியாக ஒரு சீட்டையும் சேர்த்துக்கொண்டார். அந்த 'ஆள் சீட்டு' பழக்கம்தான் சுற்றி வளைந்து எங்கள் ஆயாக்கொட்டகை வரை வந்திருக்கிறது.

கட்டைத் தயார் செய்வது

மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டே போதும். வீட்டில் ரம்மி ஆடுகிற கட்டை எடுக்காதீர்கள். காரணம் தோஷம் அல்ல. ஆடி ஆடி மூலை மடங்கிய சீட்டைக் கை அடையாளம் கண்டுகொள்ளும், உங்களை அறியாமலே அதை இழுப்பீர்கள். ஜோக்கர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். டைமனையும் கிளாவரையும் பிரித்து வேறு பக்கம் வையுங்கள். ஆட்டின் 13, இஸ்பேட் 13, ஆக 26 சீட்டு கையில் இருக்கும்.

தலைகீழாக வரும் சீட்டுக்குத் தனி அர்த்தம் சொல்லும் பழக்கமும் உண்டு. புதியவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. இரண்டு, நான்கு, பத்து, ஜாக், ராணி, ராஜா ஆகியவற்றை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மற்றவற்றில்தான் நடுவில் உள்ள இதயமோ இஸ்பேடோ நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று தெரியும். பாதிச் சீட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் விதியை வைத்துக்கொண்டு படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அந்தக் காலத்தில் இதற்காகச் சீட்டின் ஒரு முனையில் பென்சிலால் புள்ளி வைப்பார்கள். வேண்டுமென்றால் பின்னாளில் அப்படிச் செய்துகொள்ளுங்கள்.

விரிக்கும் இடம் வீடாக இருக்கட்டும். சாப்பாட்டுக் கடை மேசையில் சீட்டை எடுத்தால், பார்க்கிறவர் எவரும் காசு வைத்து ஆடுவதாகத்தான் நினைப்பார். அப்புறம் நம்முடைய முஸ்லிம் தோழிகள் ஆசைப்பட்டுக் கேட்டாலும் நான் விரிப்பதில்லை. குறி பார்ப்பது அவர்கள் மார்க்கத்தில் தடை செய்யப்பட்டது.

கேள்வியைத் திருத்துவது

என் அனுபவத்தில் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அவர் என்னைக் கட்டிக்குவாரா?" இதற்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில். ஐந்து சீட்டில் இரண்டு நிறமும் கலந்து வரும்போது அதை ஆமாம் இல்லை என்று மாற்ற முடியாது. மாற்றப் பார்த்தால், பார்க்கிறவர் தன் விருப்பத்தைத்தான் சொல்லுவார். அதோடு, இன்னொருத்தர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்பதை எதிரே உட்கார்ந்திருப்பவரின் கையிலுள்ள சீட்டு சொல்லும் என்று நான் நினைக்கவில்லை. எதிரே இருப்பவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்காமல் இருக்கிறார், யாரிடம் எதைக் கேட்காமல் தள்ளிப்போடுகிறார் என்பது சீட்டை வைத்துப் பேசும்போது வெளியே வரும்.

ஆகவே கேள்வியை வந்தவரின் பக்கம் திருப்புங்கள். "இந்தக் கல்யாணப் பேச்சு எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது?" "நான் அவரிடம் கேட்காமல் விட்டது எது?" "சண்டைக்குப் பிறகு முதலில் நான் பேசினால் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?" இப்படி 'எங்கே, எது, எதற்கு' என்று வரட்டும். கேள்வியை ஒரு தாளில் வந்தவர் கையாலேயே எழுத வையுங்கள். சீட்டு விழுந்த பிறகு கேள்வியைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். தாளில் இருந்தால் வளைக்க முடியாது.

ஆள் சீட்டு

கேட்கிறவரைக் குறிக்க ஒரு சீட்டை முதலிலேயே எடுத்து மேசை நடுவில் முகம் தெரிய வைக்க வேண்டும். பழைய ஆங்கில வழக்கப்படி இதைத் தலைமுடி நிறத்தை வைத்து எடுப்பார்கள். வெளுத்த முடிக்கு டைமன் அல்லது ஆட்டின், பழுப்புக்குக் கிளாவர், கன்னங்கறுப்புக்கு இஸ்பேட். இந்த விதியை அப்படியே நம் ஊரில் போட்டால் என்ன ஆகும்? வருகிற பெண்கள் அத்தனை பேரும் இஸ்பேட் ராணிதான். அதே பழைய வழக்கத்தில் இஸ்பேட் ராணிக்கு 'விதவை' என்று ஓர் அர்த்தமும் இருக்கிறது. கல்யாணம் நடக்குமா என்று கேட்டு வந்த பிள்ளைக்கு முன்னால் அந்தச் சீட்டை எடுத்து வைத்து, இதுதான் நீ என்று சொல்ல முடியுமா? பாட்டி ஒரு தடவை அப்படி வைத்து, அந்தப் பெண் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாளாம். அன்றோடு முடி நிறக் கணக்கை விட்டுவிட்டார்.

அவர் வைத்த விதி எளிது, நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். காதல் கேள்வி என்றால் கேட்கிற பெண் ஆட்டின் ராணி, கேட்கிற ஆண் ஆட்டின் ராஜா. கேட்கிறவருடைய துணை அதே வரிசையின் மற்றவர். அதாவது பெண் கேட்டால் ஆட்டின் ராஜா அவளுடைய ஆள். ஆட்டின் ஜாக் அந்தத் துணையின் நினைப்பு. ஜாக்கை ஒருவருடைய எண்ணமாகப் படிப்பது பழைய வழக்கத்திலேயே உண்டு, புதிதாகச் சேர்த்தது இல்லை.

இஸ்பேட் ராஜா, ராணி, ஜாக் மூன்றும் இந்த உறவைச் சுற்றி நிற்கும் மனிதர்கள். ராஜா, தன் சொல் நடக்க வேண்டும் என்கிற பெரிய ஆண். அப்பா, பெரியப்பா, அண்ணன், சில சமயம் முதலாளி. ராணி, பட்டு அடிபட்ட மூத்த பெண். விதவை என்ற அர்த்தத்தை நான் எடுப்பதில்லை. வாழ்க்கையில் ஏமாந்தவர், அதனால் மற்றவர் ஏமாறிவிடக் கூடாது என்று குறுக்கே நிற்பவர் என்று படிக்கிறேன். பெரும்பாலும் அது ஓர் அம்மாவாகவோ அத்தையாகவோ இருக்கும். ஜாக், பொறாமையோடு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அலைகிற இளையவர்.

கலைத்து விரிப்பது

ஆள் சீட்டு போக மீதி 25 சீட்டு. கேட்கிறவரே ஏழெட்டு முறை நன்றாகக் கலைக்கட்டும். இடது கையால் ஒரு வெட்டு வெட்டி, அடிப்பகுதியை மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். இடது கை என்பது பழைய வழக்கம், நம் வீட்டில் சிலர் சங்கடப்படுவார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம், வலது கையாலேயே வெட்டட்டும்.

மேலிருந்து ஐந்து சீட்டை வரிசையாக எடுங்கள். முதல் சீட்டு ஆள் சீட்டின் மேலேயே குறுக்காமல் மூடினாற்போல் விழும். அது இப்போதைய விஷயத்தின் உடம்பு. இரண்டாவது இடப்பக்கம், நடந்து முடிந்தது. மூன்றாவது வலப்பக்கம், அடுத்து வருவது. நான்காவது கீழே, கண்ணுக்குத் தெரியாத வேர். ஐந்தாவது மேலே, கேட்கிறவரின் கண்ணுக்கு முன்னால் நிற்பது. மேலே இருக்கும் சீட்டைப் பலரும் 'நடக்கப் போவது' என்று படித்துவிடுகிறார்கள். அது நடக்கப் போவது இல்லை. அவர் எதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ அது. இந்த ஒரு வித்தியாசத்தை விட்டுவிட்டு நான் செய்த தவற்றைக் கீழே சொல்கிறேன்.

அர்த்தங்கள்: ஒரே எண்ணுக்கு இரண்டு முகம்

26 சீட்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். பாட்டி எனக்கு எண் எண்ணாகச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு விஷயம் உண்டு. அந்த விஷயம் இளகி இருந்தால் ஆட்டின், முடிச்சுப் போட்டிருந்தால் இஸ்பேட்.

ஏஸ் வீட்டு வாசல். ஆட்டின் ஏஸ் அன்பு வீட்டுக்குள் வருவது. பழைய வழக்கத்தில் காதல் கடிதம், இன்றைக்கு ஒரு வாட்சப் செய்தியும் அதுதான். இஸ்பேட் ஏஸ் வாசல் சாத்துவது: ஒரு கட்டம் முடிகிறது, ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இதைச் சாவுச் சீட்டு என்று சொல்லும் வழக்கம் உண்டு. காதல் கேள்வியில் அப்படிச் சொல்லவே கூடாது. அந்தச் சீட்டு மட்டும் பெரிதாக, பூவேலையோடு இருப்பதைப் பார்த்தே பலர் பயந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் சீட்டுக் கட்டுக்கு வரி இருந்த காலத்தில், வரி கட்டியதற்கான முத்திரை இஸ்பேட் ஏஸில்தான் இருந்தது. அந்த அலங்காரம் அப்படியே தங்கிவிட்டது. வேறு ரகசியம் அதில் இல்லை.

இரண்டு ஜோடி. ஆட்டின் இரண்டு சேர்க்கை, நிச்சயம். இஸ்பேட் இரண்டு இருவருக்கும் நடுவே தூரம்: ஊர் தூரமும் இருக்கலாம், பேச்சு நின்ற தூரமும் இருக்கலாம். மூன்று வாய். ஆட்டின் மூன்று வந்தால் அவசரப்பட்டு வார்த்தையை விடாதே என்று அர்த்தம். இஸ்பேட் மூன்று, இருவர் விஷயத்தில் மூன்றாவது ஆள். நான்கு தாமதம். ஆட்டினில் கல்யாணம் தள்ளிப்போவது, இஸ்பேடில் அலுப்பும் சின்னச் சின்னக் கவலைகளும். ஐந்து தடுமாற்றம். ஆட்டின் ஐந்தில் பொறாமை, மனம் ஒரு நிலையில் நிற்காமை. இஸ்பேட் ஐந்தை நான் நல்ல சீட்டாகவே வைத்திருக்கிறேன்: தடை இருக்கிறது, ஆனால் விடாமல் நின்றால் தாண்டலாம் என்பதுதான் அதன் பழைய அர்த்தமும். ஆறு பழசு. ஆட்டின் ஆறு பழைய அன்பு திரும்பத் தலைகாட்டுவது, அளவுக்கு மீறி நம்பிவிடுவதும் அதில் அடங்கும். இஸ்பேட் ஆறு நத்தை வேகத்தில் சரியாவது.

ஏழில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே சிவப்பும் கைகொடுக்காது. ஆட்டின் ஏழு, கொடுத்த வாக்கு ஆடுவது. அன்பு பொய் இல்லை, ஆனால் சொன்னது நடக்கவில்லை. 'சிவப்பெல்லாம் நல்லது' என்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுகிற சீட்டு இதுதான். இஸ்பேட் ஏழு வாய்ச்சண்டை, கூட இருப்பவர்கள் ஏற்றிவிடும் புத்திமதி.

எட்டு வீடு தேடி வருவது. ஆட்டினில் விருந்து, அழைப்பு, எதிர்பாராத சந்திப்பு. இஸ்பேடில் போட்ட திட்டம் தடைப்படுவது, நம்பிய ஒருவர் காலை வாருவது. ஒன்பது ஆசை. ஆட்டின் ஒன்பதை விருப்பச் சீட்டு என்பார்கள், நினைத்தது கைகூடும் சீட்டு. இஸ்பேட் ஒன்பது கவலையின் உச்சி, தூக்கம் கெடுவது. பத்து நிறைவு. ஆட்டின் பத்து சந்தோஷம், பக்கத்துச் சீட்டின் கசப்பையும் குறைக்கும். இஸ்பேட் பத்து கனமான செய்தி, பக்கத்தில் இருக்கும் நல்ல சீட்டைப் பாதியாக்கும்.

இந்த விரிப்பில் 'பக்கம்' என்றால், நடுவில் மூடிய சீட்டு மற்ற நான்கையும் தொடுகிறது. மற்ற நான்கும் நடுச் சீட்டை மட்டும்தான் தொடுகின்றன. ஆகவே நடுவில் பத்து விழுந்தால் விரிப்பு முழுவதையும் அது மாற்றும். ஓரத்தில் விழுந்தால் நடுவை மட்டும்.

இஸ்பேட் பயத்துக்கு ஒரு சின்னக் கணக்கும் சொல்ல வேண்டும். ஆள் சீட்டு ஆட்டினில் இருந்து போய்விட்டதால், கையில் 12 ஆட்டினும் 13 இஸ்பேடும் இருக்கின்றன. ஐந்து எடுத்தால் ஒரு இஸ்பேட்கூட வராமல் இருப்பது சுமார் 67 விரிப்புக்கு ஒரு முறைதான். ஐந்தும் இஸ்பேடாக வருவது சுமார் 41-க்கு ஒரு முறை. இரண்டோ மூன்றோ வருவதுதான் வழக்கம். எல்லோருக்கும் வருகிற ஒன்றைக் கெட்ட சகுனம் என்று எப்படிச் சொல்வது? எத்தனை இஸ்பேட் வந்தது என்று எண்ணாதீர்கள், எந்த இடத்தில் வந்தது என்று பாருங்கள்.

படிப்பது: ஒரு விரிப்பை எடுத்துக்கொள்வோம்

முதலில் என் தவறு. சில வருஷத்துக்கு முன் ஒரு தங்கச்சிக்கு விரித்தபோது மேலே இஸ்பேட் மூன்று விழுந்தது. நான் யோசிக்காமல் "நடுவில் இன்னொருத்தி இருக்கிறாள் போல" என்று சொல்லிவிட்டேன். அவள் தன் நெருங்கிய தோழியைச் சந்தேகப்பட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தாள். தோழிக்கு ஒன்றுமே தெரியாது. மேலே விழுந்தது அவளுடைய சந்தேகம். அதை நான் உண்மை என்று முத்திரை குத்தி அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

அதற்கு வெகுநாள் கழித்து, பொங்கலுக்கு முன் ஒரு பிள்ளை வந்தாள். ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை. அந்தப் பையன் ஜொகூர் பாருவில் தங்கி, தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். தீபாவளி கழித்துப் பெரியவர்களை அழைத்து வருகிறேன் என்று சொன்னவன் வரவில்லை. போனை எடுத்தாலும் பேச்சு சுருங்கிவிட்டது. அவள் முதலில் கேட்டது, "வேற யாராவது இருக்காங்களா அக்கா?" நான் திருத்தி எழுத வைத்தது: "தீபாவளிக்குச் சொன்ன பேச்சு எங்கே மாட்டிக்கொண்டது?"

ஆட்டின் ராணியை வைத்தோம். மூடியது ஆட்டின் ஏழு. இடது ஆட்டின் எட்டு. வலது இஸ்பேட் ஐந்து. கீழே இஸ்பேட் ராஜா. மேலே, மறுபடியும், இஸ்பேட் மூன்று.

இந்தத் தடவை நான் மேலே இருந்து தொடங்கவில்லை. எப்போதும் நடுவில் தொடங்கி, இடது, கீழ், மேல் என்று போய், வலதைக் கடைசியில் வையுங்கள். நடுவில் ஆட்டின் ஏழு: வாக்கு ஆடுகிறது. அவள் கேட்டதும் அதுதான், சீட்டு கேள்வியோடு ஒட்டுகிறது. நடுச் சீட்டு கேள்விக்குக் கொஞ்சமும் ஒட்டாமல் இருந்தால் நான் அந்த விரிப்பை மூடிவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்லுவேன். இழுத்து ஒட்டவைக்க மாட்டேன். இடதில் ஆட்டின் எட்டு, விருந்து அல்லது அழைப்பு. "எங்கே பார்த்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். உறவுக்காரர் கல்யாண வீட்டில் என்றாள். இது பெரிய ஆச்சரியம் இல்லை, நம்மில் பாதிப் பேர் கல்யாண வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பதிலால் ஒன்று தெரிந்தது: இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான சொந்தம் இருக்கிறது. பேச்சைத் தொடங்க ஆள் உண்டு.

கீழே இஸ்பேட் ராஜா. இங்கே "அவர் அப்பா எதிர்க்கிறார்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதில், "அந்த வீட்டில் யார் சொன்னால் நடக்கும்?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்பா இல்லை, பெரியப்பாதான் அவரைப் படிக்க வைத்தார் என்றாள். அந்தப் பெரியப்பாவிடம் இவன் இவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறானா? அவளுக்குத் தெரியவில்லை. இதுவரை கேட்டதே இல்லை.

அதற்கு அப்புறம்தான் மேலே இருந்த இஸ்பேட் மூன்றுக்கு வந்தேன். "நீ ராத்திரி யோசிக்கிறது இதுதானே, மூணாவது ஆள்?" அவள் தலையை ஆட்டினாள். "இது உன் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. வேர் கீழே இருக்கிறது. மூன்றாவது ஆள் ஒரு பொண்ணாத்தான் இருக்கணும்னு சீட்டுல எழுதியில்லை." வலதில் இஸ்பேட் ஐந்து: தடை உண்டு, நின்று பேசினால் தாண்டலாம். ஆட்டின் பத்தோ ஒன்பதோ எங்கும் இல்லை, ஆகவே எல்லாம் இனிப்பாக முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆட்டின் ராஜாவும் ஜாக்கும் வரவில்லை, ஆகவே அவன் மனசைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வராத சீட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் படிப்பில் சேர்ந்ததுதான்.

அவள் எழுதிக்கொண்டு போனது ஒரே வரி: "பெரியப்பாவிடம் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாய் என்று கேட்க வேண்டும்." கேட்டிருக்கிறாள். தன் தங்கச்சி கல்யாணம் முடியும்வரை தன் பேச்சை எடுக்க மாட்டேன் என்று அவன் பெரியப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தானாம். இவளிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பேச்சைக் குறைத்திருக்கிறான். சீட்டுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இஸ்பேட் ராஜா அவனுடைய முதலாளியாகவும் இருந்திருக்கலாம். அந்தச் சீட்டால் ஒரு சரியான கேள்வி கிடைத்தது, அவள் அதைக் கேட்டாள்.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

ஒரே கேள்விக்கு ஒரே நாளில் இரண்டாம் தடவை விரிக்காதீர்கள். முதலில் வந்தது பிடிக்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணமாக இருக்கும். விரித்துக்கொண்டே போனால் எப்போதாவது ஓர் ஆட்டின் பத்து வந்துவிடும், அதைப் பிடித்துக்கொள்வார்கள். நான் ஒரு மாதம் இடைவெளி வைக்கிறேன், அதற்குள் ஏதாவது நடந்திருந்தால் மட்டும் விரிக்கிறேன்.

தேதி சொல்லாதீர்கள். ஆட்டின் நான்கு தாமதம் என்றுதான் சொல்லுகிறது, நான்கு மாதம் என்று சொல்லவில்லை. கல்யாணத் தேதிக்கு வீட்டில் ஜாதகம் பார்ப்பார்கள், அந்த வேலையைச் சீட்டின் தலையில் கட்ட வேண்டாம்.

படிப்பு சரியாகப் போகிறதா என்று பார்க்க நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். தேதி, எழுதிய கேள்வி, ஐந்து சீட்டு, நான் சொன்னது, அவ்வளவுதான். வந்தவர் கதையைச் சொல்வதற்கு முன்பே நடுச் சீட்டின் அர்த்தத்தை எழுதிவிடுவேன். பிறகு எழுதினால், கேட்ட கதைக்கு ஏற்றபடி சீட்டை வளைத்திருப்போம். நான் எழுதியதை எடுத்து வேறு யாருடைய கேள்விக்குக் கீழே வைத்தாலும் பொருந்துகிறது என்றால் நான் ஒன்றுமே படிக்கவில்லை, பொதுவாகப் பேசியிருக்கிறேன் என்று அர்த்தம். தொடங்கின காலத்துப் பக்கங்களில் பாதி அப்படித்தான் இருக்கின்றன.

சில கேள்விகளுக்குக் கட்டையே எடுக்க மாட்டேன். "அடிக்கிறார், ஆனால் மாறுவாரா?" என்று ஒரு பெண் கேட்டால் அதற்கு ஆட்டினும் வேண்டாம், இஸ்பேடும் வேண்டாம். தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை எழுதிக் கையில் கொடுப்பேன். அவள் விரும்பினால் கூட உட்கார்ந்து அழைப்பேன்.

விரித்து முடிந்ததும் ஐந்து சீட்டையும் ஆள் சீட்டையும் கட்டில் சேர்த்து, ஒருமுறை கலைத்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். ராணியை எடுத்துத் தனியாக மேலே வைத்திருந்தால், அடுத்து வருகிறவருக்கு ஆண்பிள்ளையாக இருந்தாலும் அதையே வைத்துவிடுவீர்கள். எனக்கு அப்படி ஒரு தடவை ஆகி, ஆட்டின் ராஜா கட்டுக்குள்ளேயே இருந்து வலப்பக்கம் வந்து விழுந்தது. அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதலிலிருந்து கலைக்க வேண்டியதாயிற்று.